84,500 ரூபாய் பாக்கி, 10 லட்சம் ரூபாய் வெட்டு

வீட்டுக் கடன் மனு கைக்கு வந்ததும் வங்கியில் போடும் முக்கியமான கணக்கு, மாத வருமானத்தில் எவ்வளவு ஏற்கெனவே தவணைக்குப் போகிறது என்பதுதான். வங்கிக்காரர்கள் இதை எஃப்.ஓ.ஐ.ஆர். என்பார்கள். புதுக் கடனின் தவணையையும் சேர்த்துப் பல இடங்களில் 50 சதவீதம்தான் வரம்பு. சம்பளம் அதிகமானால் சற்றுக் கூடுதலாக விடுவதும் உண்டு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிடித்தம் போகக் கையில் வருவது 60,000 ரூபாய். பைக் கடன் தவணை 4,500, தனிநபர் கடன் தவணை 9,000. கிரெடிட் கார்டு பாக்கி 40,000. கார்டுக்குத்தான் மாதத் தவணை இல்லையே என்று மனுவில் எழுதாமல் விடுகிறவர்கள் அதிகம். பாக்கியில் 5 சதவீதத்தை மாதத் தவணையாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆக இன்னொரு 2,000. மொத்தம் 15,500. வரம்பு 30,000 என்றால் வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 14,500 மட்டுமே. 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்குச் சுமார் 868 ரூபாய் தவணை. கிடைப்பது 16.7 லட்சம்.

அந்தத் தனிநபர் கடனில் இன்னும் 10 தவணைதான் பாக்கி, 14 சதவீத வட்டி என்று வையுங்கள். இன்றே முடிக்கச் சுமார் 84,500 ரூபாய் வேண்டும். முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் இருந்தால் அது தனி. முடித்துவிட்டால் 9,000 விடுபட்டு, தகுதி 27 லட்சமாகிறது. கணக்கில் வருவது தவணைத் தொகை. அசல் பாக்கி எவ்வளவு குறைவு என்பது இல்லை. அதனால் பாக்கி சிறியதாகவும் தவணை பெரியதாகவும் உள்ள கடனைத்தான் முதலில் முடிக்க வேண்டும். கடைசி சில தவணைகளே மிச்சமுள்ள கடனைச் சில வங்கிகள் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், பணத்தைக் கட்டுமுன் அதைக் கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்கு நம் பங்காகக் கட்ட வைத்திருக்கும் பணத்தை இதில் கரைத்துவிடவும் கூடாது.

கட்டிய பிறகுதான் பலரும் சறுக்குகிறார்கள். பணம் கட்டிய மறுநாளே மனு போட்டால் சிபில் அறிக்கையில் பழைய தவணை அப்படியே நிற்கும். நிலுவையில்லாச் சான்றும், கணக்கு பூஜ்யமானதைக் காட்டும் கடன் விவரப் பட்டியலும் வாங்கி, அறிக்கை புதுப்பிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு மனு கொடுங்கள். அதில் ‘Closed’ என்றிருக்க வேண்டும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ‘Settled’ என்று விழும். தவணை நீங்கினாலும் மனு அதிலேயே நின்றுவிடலாம்.

கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சம்பளத்திலேயே பிடிக்கும் தவணை சிபிலில் வராமல் போகலாம். சம்பளச் சீட்டில் அது தெரியும் என்பதால் மனுவில் நீங்களே எழுதிவிடுங்கள்.