திண்ணையில் கிரைண்டர்

அக்டோபர் 27
கிரைண்டர் வந்து நான்கு நாளாகிறது. சாக்கைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் நிற்கிறது. "மாவு வியாபாரத்தில் நஷ்டமே வராது" என்கிறார் அத்தை. ஏன் வராது? மூன்றாம் நாள் புளித்துப்போகும் சரக்கு. மீந்த பாக்கெட்டை யார் தலையில் கட்டுவது?

அக்டோபர் 29
தம்பியின் கணினியில் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தேன். கொள்முதல் என்றதும் விரல் தானாக F9-க்குப் போனது. தொட்டுப் பதினொரு வருடம்!

நவம்பர் 2
பெயிண்ட் கடை அண்ணன் மாதக் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்கிறார். 1,500 ரூபாய். நான் வேலையை விட்டபோது வாட் வரி. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது இடுப்பில் குழந்தை. சரி என்று சொல்லிவிட்டு வந்து அழுதேன்.

நவம்பர் 11
மாத விற்பனைக் கணக்கான GSTR-1 போட்டாயிற்று, கடைசி நாளில். ஓடிபி அண்ணனின் போனுக்குத்தான் போகும். அவரோ மதியத் தூக்கத்தில் இருந்தார்.

நவம்பர் 15
தூக்கமில்லை. நேற்று GSTR-2B வந்தது. சப்ளையர்கள் பதிந்த பில்கள் தாமாக வந்து சேரும் பட்டியல் அது. கடைப் புத்தகத்தில் கொள்முதல் வரி 26,400, பட்டியலில் 19,200. கூட்டலில் தவறு என்றே நினைத்தேன், என் தவறு. மூன்று முறை கூட்டினேன். பிறகு ஒவ்வொரு பில்லாக டிக் அடித்து வந்தால், 40,000 ரூபாய்க்கு வாங்கிய குழாய் பில் அங்கே இல்லை. அதற்கு 18 சதவீதம் 7,200. வித்தியாசம் அதேதான்! சப்ளையர் அந்த பில்லைப் பதியவே இல்லை. அவர் பதியாமல், கொள்முதலில் கொடுத்த வரியை விற்பனை வரியிலிருந்து கழித்து நாம் வரவு எடுக்க முடியாது. விற்பனை வரி 31,500. அண்ணன் 5,100 கட்டினால் போதும் என்றிருந்தார். இப்போது 12,300 கட்ட வேண்டும். இதை எப்படிச் சொல்வது?

நவம்பர் 16
சொன்னேன். "வரியோடுதானே அவனுக்குப் பணம் கொடுத்தேன், மறுபடியும் ஏனம்மா?" என்று கத்தினார். முன்பு கணக்கு பார்த்தவர் புத்தகத்தில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வாராம். எடுத்தால் பின்னால் நோட்டீஸ், வட்டி. என் குரல் நடுங்கியது, ஆனால் விடவில்லை. அங்கிருந்தே சப்ளையருக்குப் போன் போட வைத்தேன். அடுத்த GSTR-1-இல் சேர்க்கிறார்களாம். சேர்த்தால் வரவு அடுத்த மாதம் கிடைக்கும்; பணம் எங்கும் போய்விடாது.

நவம்பர் 17
மாவே அரைத்திருக்கலாம்.

நவம்பர் 20
12,300 கட்டி, மாத வரிக் கணக்கான GSTR-3B போட்டாயிற்று. தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம். அண்ணன் 1,500-ஐக் கவரில் போட்டுக் கொடுத்தார். பக்கத்து எலக்ட்ரிகல் கடைக்காரர் வரச் சொன்னாராம். அந்தக் கவரை இன்னும் பிரிக்கவில்லை.

நவம்பர் 28
அத்தை கிரைண்டரைத் துடைக்கவில்லை. கவனித்தேன்.

டிசம்பர் 10
சப்ளையருக்கு நானே போன் செய்தேன். "நாளை போட்டுவிடுவோம் மேடம்" என்றார்கள். மேடம்!

டிசம்பர் 13
நாளை 14. அந்த 7,200 வந்திருக்க வேண்டும்.