ஃபிளாரன்ஸ் சந்தையில் கோஸும் ஓநாயும்

ஃபிளாரன்ஸ் நகரத்தின் சாந்தம்புரோஜோ சந்தையில் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கட்டடத்துக்குள்ளே விற்கப்படும். காய்கறிக் கடைகள் வெளியே வரிசையாக இருக்கும். குளிர்காலத்தில் அங்கே கண்ணில் படுவது ‘கவோலோ நேரோ’ என்னும் கறுப்புக் கோஸ். நீண்டு சுருங்கிய கரும்பச்சை இலைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய ரொட்டியோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்து, ‘ரிபொல்லீத்தா’ என்ற கெட்டியான சூப் செய்ய அது வேண்டும்.

அங்கே இரண்டு கடைக்காரர்கள் கால்பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் திடீரென்று நகராட்சி வரியை இழுத்தார். மற்றவர், ‘அதற்கும் இதற்கும் பொருத்தம், மெரெந்தாவுக்குக் கோஸ் மாதிரி’ என்றார். மெரெந்தா என்பது பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மாலையில் ரொட்டியும் ஜாமும் தின்னும் நேரம். அந்த வேளையில் வெந்த கோஸை யாரும் தொடமாட்டார்கள். இத்தாலிய வழக்குகளைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது இந்த இடத்துக்கு ‘மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே’ என்பது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. நம் வழக்கு முடிச்சுப் போடுகிற ஆளைக் கடிந்துகொள்கிறது. இத்தாலியர்களோ, உடைக்கு ஒவ்வாத தொப்பியைப் பார்த்தும் கோஸ் என்பார்கள். அங்கே ‘கொஞ்சமும் ஒட்டவில்லை’ என்று நேராக எழுதிவிட்டுப் போவதே நல்லது.

‘பீப்பாயும் நிறைந்திருக்க வேண்டும், மனைவியும் குடித்து மயங்கியிருக்க வேண்டும்’ என்ற இத்தாலியப் பழமொழிக்கு, ‘கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை’ என்பதைவிட நல்ல இணை கிடையாது. ஒன்று நடந்தால் மற்றொன்று கெடும் என்ற உள்கட்டுமானம்கூட இரண்டிலும் ஒன்றே. இருந்தும், டஸ்கனித் திராட்சைத் தோட்டக்காரர் தம் நிலவறையில் நின்றுகொண்டு கூழைப் பற்றிப் பேசினால் வாசகருக்கு ஊர் மாறிவிடும். பொதுப்பேச்சில் கூழை வைத்துக்கொள்ளலாம். பீப்பாய் கண்ணெதிரே இருக்கும் காட்சியில் பீப்பாயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

இந்த நகரத்துச் சுவர்களில் கவிஞர் தாந்தேயின் வரிகளைக் கல்லில் பொறித்துப் பதித்திருக்கிறார்கள். அவருடைய ‘தெய்வீக நாடகம்’ காவியத்தில், ‘நரகம்’ பகுதியின் 33ஆம் காண்டத்தில் ஃபாயென்சா ஊர்த் துறவி அல்பெரீகோ வருகிறார். 1285இல் உறவினரை விருந்துக்கு அழைத்து, ‘பழங்களைக் கொண்டுவாருங்கள்’ என்று குரல்கொடுக்க, அந்த அடையாளச் சொல்லைக் கேட்டு வந்த ஆட்கள் விருந்தினரை வெட்டிக் கொன்றார்கள். நரகத்துப் பனியில் உறைந்து கிடக்கும் அவர், ‘இங்கே அத்திக்குப் பதில் பேரீச்சை வாங்குகிறேன்’ என்கிறார். அத்தி உள்ளூரில் மலிவாகக் கிடைப்பது. பேரீச்சை கடல் கடந்து வருவதால் விலை கூடியது. கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பக் கிடைத்தது என்று பொருள். இத்தாலியில் இன்று பரவலாக வழங்கும் ‘ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டிக்குச் சாதா ரொட்டி’ என்பதிலோ இந்தக் கூடுதல் கணக்கு இல்லை. அது வெறும் ‘பதிலுக்குப் பதில்’. இரண்டையும் ‘பழிக்குப் பழி’ என்று ஒரே வாளால் வெட்டினால் அல்பெரீகோவின் கசப்பு போய்விடும். அவருக்கு ‘வட்டியும் முதலுமாக வாங்குகிறேன்’ என்று கொடுக்கலாம். ஆனால் கொலைக்கு அடையாளமாக ஒலித்த சொல்லே பழம் என்பதால், கவிதையில் பழங்களை எடுத்துவிடவும் முடியாது. ‘அத்தி கொடுத்தேன், பேரீச்சையாக வட்டியும் முதலும் வாங்குகிறேன்’ என்று எழுதினால் பொருளும் கதையும் நிற்கும்.

கடைசியாக ஓநாய். தேர்வுக்குக் கிளம்பும் மகளை வாழ்த்த இத்தாலியத் தாய் ‘ஓநாயின் வாயில்!’ என்பார். மகள் ‘சாகட்டும்!’ என்பாள், நன்றி சொன்னால் ராசியில்லை. கெட்டதைச் சொல்லி நல்லதை வரவழைக்கும் நம்பிக்கை இது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குப் பிச்சை என்று பெயர் வைத்தவர்களுக்கு இது புரியாததல்ல. ஆனால், வாசலில் நின்று ‘போகிறேன்’ என்றுகூடச் சொல்லாத வீட்டில் ‘சாகட்டும்’ எப்படி எடுபடும்? ‘நல்லபடியா எழுதிட்டு வா’ என்று தாயும், ‘சரிம்மா, வரேன்’ என்று மகளும் சொன்னால் வேலை முடிந்தது. அந்த ‘வரேன்’, ‘சாகட்டும்’ போலவே மாற்ற முடியாத, ராசிக்கான பதில்.

இப்போது இளையவர்கள் பலர் ‘ஓநாய் வாழ்க!’ என்று பதில் சொல்கிறார்கள்; தாய் ஓநாய் குட்டியை வாயில் கவ்விப் பாதுகாப்பாகத் தூக்கிச் செல்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். கதையில் மகள் இப்படிச் சொல்லி, பழைய பழக்கத்தில் ஊறிய தாய் முகம் சுளித்தால், அங்கே ஓநாயை மறைக்க வழியில்லை. ‘ஓநாய் வாயில விழுந்து எழுந்து வா’ என்று தாயைப் பேசவைத்து, ‘ஓநாய் செத்துச்சுன்னு சொல்லணும்டி, அதுதான் ராசி’ என்று அவர் வாயிலிருந்தே ஒரு வரி சேர்த்துவிடலாம், அடிக்குறிப்பு தேவைப்படாது.