சீவி இணைக்காத ஒரு மெசேஜ்

2024 ஜனவரி 1 அன்று வற் வரி 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த கம்பனியின் விலைப் பட்டியல்கள் எல்லாம் எக்செல் தாள்களில் கிடந்தன. மூன்று இரவு ஒஃபிஸிலேயே இருந்து, 1.15 என்று இருந்த இடங்களைத் தேடித் தேடி 1.18 ஆக்கினேன். மூன்றாவது இரவு தெஹிவளைக்குப் போக பஸ்ஸும் இல்லை. காலி வீதியில் த்ரீவீலுக்குக் காத்து நின்றபோதுதான் யோசனை வந்தது: ஏழு வருடம் கணக்காளனாக இருந்தவன் செய்கிற வேலையா இது?

எதையாவது படிக்கவேண்டும், சரி. எதை? மாமா சீமா என்ற கணக்கியல் பரீட்சையை முடி என்றார். கூட வேலை செய்தவன் டேட்டா சயன்ஸ் என்றான். வேலை விளம்பரங்களைப் பார்த்தால், ஒரே பதவிக்குப் பதினைந்து திறமை கேட்டிருந்தார்கள். அதில் பாதி போன தடவைப் போட்ட விளம்பரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. எது இல்லாவிட்டால் ஆளை எடுக்கமாட்டார்கள், எது சும்மா அழகுக்கு என்று விளம்பரம் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் ரெக்ரூட்டர். ஒரு பதவிக்கு அவர் ஐந்து சீவி அனுப்புவார், நான்கு திரும்பி வரும். ஏன் திருப்பினோம் என்று கம்பனிக்காரர் ஃபோனில் ஒரு வரி சொல்வார்கள். அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் தடவை நான் அதைக் கெடுத்துக்கொண்டேன். லிங்க்ட்இன்னில் ஒருவருக்கு நீளமாக எழுதி, என் கதையெல்லாம் சொல்லி, “தயவுசெய்து வழிகாட்டுங்கள்” என்று முடித்து, கூடவே சீவியையும் இணைத்தேன். பதில் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அந்த மெசேஜை வாசித்தால் எனக்கே புரிகிறது: சீவி இணைத்து வழிகாட்டச் சொன்னால் அதற்கு வேலை கேட்பது என்றுதான் அர்த்தம். ரெக்ரூட்டருக்குக் காசு தருவது ஆள் எடுக்கிற கம்பனி, அதுவும் பெரும்பாலும் ஆள் சேர்ந்த பிறகுதான். கையில் எனக்கேற்ற இடம் இல்லாத நேரத்தில் “இல்லை” என்று எழுதுவதைவிட எழுதாமல் விடுவது அவருக்கு இலகு.

இரண்டாவது தடவை வேறொருவருக்கு எழுதினேன். கணக்குத்துறைக்கு மட்டும் ஆள் தேடுகிற, வெள்ளவத்தைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“நான் ஏழு வருட அனுபவமுள்ள கணக்காளன். இப்போது வேலை தேடவில்லை, சீவியும் அனுப்பவில்லை. ஒரேயொரு கேள்வி: கடந்த மூன்று மாதத்தில், என்னைப்போன்ற அனுபவம் உள்ளவர்களின் சீவி எந்தத் திறமை இல்லாததால் அதிகம் திரும்பி வந்தது? இரண்டு வரி போதும். நேரமில்லாவிட்டால் பரவாயில்லை.”

எந்தத் திறமைக்குக் கிராக்கி என்று பொதுவாகக் கேட்டிருந்தால் அவரும் விளம்பரத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்லியிருப்பார். காலத்தையும் அனுபவத்தையும் குறித்துக் கேட்டதால், அவர் தன் இன்பொக்ஸை நினைத்துப் பார்த்தாலே போதும், பதில் இருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஒரு வொய்ஸ் நோட் வந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் சத்தம்.

“சீவி இல்லாமல் வந்த மெசேஜ் எண்டபடியால்தான் திறந்து பார்த்தன். ரெண்டு விஷயம் சொல்லுறன். ஒண்டு, எல்லாரும் எக்செல் அட்வான்ஸ்ட் எண்டு போடுகினம், டெஸ்டில விழுகினம். ரெண்டு, எஸ்ஏபி தெரியும் எண்டு போடுகினம். என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டால், பில் என்டர் பண்ணினது மட்டும்தான். வெளிநாட்டுக் கம்பனிகளின்ர கணக்கை இங்க இருந்து செய்யிற இடங்களில ஜீஆர்ஐஆர் ரீகன்சைல் பண்ணத் தெரியுமோ எண்டு கேக்கினம். அதென்னண்டு எனக்கு வடிவாத் தெரியாது, பேர் மட்டும்தான் தெரியும். உள்ளுக்க இருக்கிறதை அந்த வேலை செய்யிற ஆளிட்டக் கேளுங்கோ.”

கடைசியில் சொன்னதுதான் எனக்கு அதிகம் உதவியது. எது திரும்பி வருகிறது என்பது வரைதான் ரெக்ரூட்டருக்குத் தெரியும். அதை எவ்வளவு ஆழமாகப் படிப்பது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை.

டெஸ்ட் எப்படி இருக்கும் என்று, அப்படியொரு இடத்தில் வேலை செய்யும் பழைய நண்பனிடம் கேட்டேன். அவன் மாதிரிக்கு இரண்டு தாள் செய்து அனுப்பினான். ஒன்றில் சப்ளையர் இலக்கம் 00417 என்று எழுத்தாகக் கிடந்தது, மற்றதில் 417 என்று எண்ணாக. வழக்கம்போல VLOOKUP போட்டேன். வரி வரியாக #N/A. அரை மணித்தியாலம் ஃபோர்முலாவில் பிழை தேடினேன். பிழை ஃபோர்முலாவில் இல்லை, தரவில்.

```
=VLOOKUP(TEXT(A2,"00000"),Sheet2!A:C,3,FALSE)
```

எண்ணை ஐந்து இலக்க எழுத்தாக மாற்றியதும் எல்லாம் பொருந்தியது. ஏழு வருடமாக நானும் அட்வான்ஸ்ட் என்று போட்டவன்தான்.

ஜீஆர்ஐஆருக்கு இன்னும் நேரம் எடுத்தது. எஸ்ஏபி என்ற கம்பனிக் கணக்கு மென்பொருளில், ஓடர் இல்லாத பில்லைப் பதிய FB60 என்ற கட்டளை, ஓடரோடு வரும் பில்லுக்கு MIRO. எங்கள் ஒஃபிஸில் நான் தட்டியது முழுக்க FB60. அதனால் ஓடர், சரக்கு, பில் மூன்றும் சந்திக்கிற இடத்தை நான் பார்த்ததே இல்லை. ஸ்டோருக்கு 2,500 ரூபா பெட்டி 100 வந்தால், இடையில் உள்ள ஜீஆர்ஐஆர் என்ற கணக்கில் 250,000 வரவு வைக்கப்படும். சப்ளையர் 120 பெட்டிக்கு பில் அனுப்பி அது பதிவானால், அதே கணக்கில் 300,000 பற்று. இரண்டும் சரியாக இருந்தால் மிச்சம் பூச்சியம். இங்கே 50,000 ரூபா பற்றுப் பக்கம் தொங்குகிறது: பில் வந்துவிட்டது, 20 பெட்டி வரவில்லை. மிச்சம் வரவுப் பக்கம் நின்றால் சரக்கு வந்து பில் வரவில்லை. மாத முடிவில் இப்படி நூற்றுக்கணக்கான வரிகளைப் பிரித்து, எது ஸ்டோருக்கு, எது சப்ளையருக்கு என்று ஆள் பிடித்துக் கேட்பதுதான் அந்த வேலை.

இதற்கிடையில் வொய்ஸ் நோட் வந்த அன்றே மச்சான் ஒருவன் சொன்னான், “ஆள் பதில் போட்டிருக்கு, இப்ப சீவிய அனுப்படா, சூட்டோட சூடா.” கை துறுதுறுத்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வேலை கேட்கவில்லை என்று எழுதிவிட்டு இரண்டு நாளில் சீவி அனுப்பினால், அந்த முதல் வரி தூண்டில் ஆகிவிடும். நன்றி என்று ஒரு வரி எழுதி விட்டேன். மூன்று மாதம் கழித்து, எக்செல் டெஸ்டில் எங்கே விழுந்தேன், எப்படி எழும்பினேன் என்று நான்கு வரி அனுப்பினேன். அதிலும் சீவி இல்லை. அவர் கட்டைவிரல் ஒன்று போட்டார், அவ்வளவுதான்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டி தாண்டும்போது ஃபோன் அதிர்ந்தது.

“அண்ணா, வேலை விஷயமில்லை. ஒரு கம்பனி ஜீஆர்ஐஆர் எண்டு திரும்பவும் போட்டிருக்கு. வாற ஆளிட்ட நான் என்ன கேட்டால் அவருக்கு உண்மையாத் தெரியுமெண்டு கண்டுபிடிக்கலாம்? ரெண்டு வரி போதும்.”

“மிச்சம் பற்றுப் பக்கம் நிண்டால் முதல்ல ஆரைக் கேப்பீங்கள் எண்டு கேளுங்கோ. ஸ்டோர் எண்டு சொன்னால் ஆள் சரி,” என்று எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். நான் இறங்கவேண்டிய ஹோல்ட் பின்னால் போயிருந்தது.