அப்பாவின் சட்டைப் பையில் கிடந்த ஃபோர்-டி சீட்டும் 500 வெள்ளியும்

சிங்கப்பூரில் நாலு இலக்க லாட்டரியான ஃபோர்-டியைச் சேர்ந்து எடுக்காத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ஆளுக்கொரு வெள்ளி கொடுப்போம், ஒருத்தர் போய் எடுத்து வருவார். விழுந்தால் எப்படிப் பிரிப்பது என்று மட்டும் யாரும் முன்கூட்டியே பேசிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு போன ஜூலை கடைசியில்தான் வந்தது. இதே நிலையில் இருக்கும் வேறு வீட்டுக்கும் உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு பிப்ரவரியில் பித்தப்பைக் கல்லுக்காகத் திடீரென்று அறுவை சிகிச்சை நடந்தது. அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை ஒரு பிளாஸ்டிக் பையோடு வீட்டுக்கு வந்து, அப்படியே ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டது. பழைய துணிகளை ஒதுக்கும்போது அம்மா பையைப் பிரித்து, துவைக்கப் போடும் முன் சட்டைப் பையில் கையை விட்டுப் பார்த்தார். நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. குலுக்கல் தேதி பிப்ரவரி 8, சனிக்கிழமை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அதே நாள்.

மடிப்பு விழுந்த சீட்டை நேராக்க அம்மா உடனே இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். ஃபோர்-டி சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள். மை கிடையாது, சூடு பட்ட இடம்தான் கறுக்கும். இஸ்திரி போட்டால் தாள் மொத்தமும் கறுத்து நம்பரும் கோடும் மறைந்துவிடும். வெயிலில் கிடந்தாலோ எழுத்து வெளுத்துப் போகும். எங்கள் சீட்டு இருட்டில் கிடந்ததால் தப்பித்தது, மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஒரு தடித்த புத்தகத்துக்கு அடியில் வைத்து நேராக்கினோம்.

பிப்ரவரி 8-ன் பழைய முடிவை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு குலுக்கலிலும் 23 நம்பர்களுக்குப் பரிசு உண்டு. முதல் மூன்று பரிசு, அதற்குக் கீழே பத்து ஸ்டார்ட்டர், பத்து ஆறுதல் பரிசு. பலர் மேலே உள்ள மூன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுகிறார்கள். எங்கள் நம்பர் ஸ்டார்ட்டர் வரிசையில் இருந்தது.

அடுத்து நாள் கணக்கு. குலுக்கல் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பரிசை வாங்கிவிட வேண்டும். நாள்காட்டியை வைத்து எண்ணினால் ஆகஸ்ட் 7 வந்தது. கடைசி நாள் வரைக்கும் இழுக்க வேண்டாம் என்று மறுநாள் காலையிலேயே அப்பாவும் நானும் பக்கத்து புளோக்கின் கீழே இருக்கும் சிங்கப்பூர் பூல்ஸ் கடைக்குப் போனோம். இந்த மாதிரிச் சிறு தொகையைக் கடையிலேயே ரொக்கமாகத் தந்துவிடுவார்கள். கவுன்டரில் இருந்த பெண் சீட்டை வைத்ததும் இயந்திரம் படிக்கவில்லை. அவர் விரலால் மடிப்பை நீவிவிட்டு மறுபடி வைத்தார், படித்துவிட்டது. 500 வெள்ளி. பரிசுக்கு வரி கிடையாது என்பதால் முழுசாகக் கையில் வந்தது.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பித்தது. அது மூன்று வெள்ளிச் சீட்டு: பிக் இரண்டு வெள்ளி, ஸ்மால் ஒரு வெள்ளி. பிக்கில் 23 நம்பருக்கும் பரிசு உண்டு. ஸ்மாலில் முதல் மூன்றுக்கு மட்டும்தான், ஆனால் அந்த மூன்றுக்கும் பிக்கைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு பிக்கில் 2,000, ஸ்மாலில் 3,000. ஸ்டார்ட்டர் விழுந்தால் பிக்குக்கு வெள்ளிக்கு 250, ஸ்மாலுக்கு ஒன்றுமில்லை. பிக்கில் ஒரு வெள்ளி அப்பாவுடையது, இன்னொன்று சித்தப்பா கொடுத்தது. ஸ்மாலில் இருந்த ஒரு வெள்ளி அம்மாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அவர் கணக்கு நேரானது: “பிக்கில நானும் அண்ணனும் போட்டோம். ஆளுக்கு 250. அண்ணி போட்டது ஸ்மால், அதுக்கு விழல.” அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “ஒரே நம்பர், ஒரே சீட்டு, மூணு பேர் காசு. எது பிக், எது ஸ்மால்னு நீங்களா பிரிச்சுக்கிட்டா எப்படி?”

சித்தப்பா விடவில்லை. “முதல் பரிசு விழுந்திருந்தா உங்க ஒரு வெள்ளிக்கு 3,000 வந்திருக்கும், எங்களுக்கு ஆளுக்கு 2,000. அன்னைக்கு நீங்க மூணாப் பிரிச்சிருப்பீங்களா அண்ணி?” நியாயமான கேள்வி என்றே எனக்கும் பட்டது. ஆபத்தை யார் ஏற்றார்களோ லாபமும் அவர்களுக்குத்தானே. அப்பா இரண்டு பக்கமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா பதில் சொல்லவில்லை. உள்ளே போய் வீட்டுச் செலவு எழுதும் கோடு போட்ட நோட்டுகளில் பழைய ஒன்றைக் கொண்டுவந்தார். சில வருஷத்துக்கு முன்னால் இதே மூன்று பேர், இதே மாதிரி பிக் இரண்டு, ஸ்மால் ஒன்று போட்டதில் மூன்றாம் பரிசு விழுந்திருந்தது. பிக்குக்கு 980, ஸ்மாலுக்கு 800, மொத்தம் 1,780. சித்தப்பா இப்போது சொல்லும் கணக்குப்படி அன்றைக்கு அம்மாவுக்கு 800-ம், மற்ற இருவருக்கு ஆளுக்கு 490-ம் போயிருக்க வேண்டும். நோட்டில் அம்மாவின் கையெழுத்தில் ‘ஆளுக்கு 593’ என்று இருந்தது. அதாவது அன்றைக்கு அம்மா தன் பங்கிலிருந்து 200 வெள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கிறார், சித்தப்பாவுக்கு 100 வெள்ளிக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

சித்தப்பா அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். “இது எனக்கு ஞாபகமே இல்ல அண்ணி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்கு மேல் அவர் வாதாடவில்லை, “அப்ப மூணாவே பிரிங்க” என்றார்.

500-ஐ மூன்றாகப் பிரித்தால் 166 வெள்ளியும் சில்லறையும் வரும். அப்பா ஆளுக்கு 160 எடுத்து வைத்துவிட்டு மிச்சம் 20-ஐ அத்தைக்குக் கொடுக்கச் சொன்னார். சீட்டில் இருந்தது அத்தையின் பழைய வீட்டு நம்பர். காசு போடாதவருக்குப் பங்கு இல்லை என்று சட்டம் பேசலாம்தான். ஆனால் நம்பர் கொடுத்தவரைச் சும்மா விடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

இப்போது சீட்டு எடுத்த கையோடு படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். யார் எவ்வளவு கொடுத்தார், எதில் விழுந்தாலும் சம பங்கு என்று அதன் கீழே ஒரு வரி. படத்தைக் காட்டிப் பரிசு வாங்க முடியாது, சீட்டே கையில் வேண்டும். அதனால் அசல் சீட்டு அம்மாவின் நோட்டுக்குள் இருக்கிறது, புதன், சனி, ஞாயிறு முடிவு வந்ததும் 23 நம்பரையும் அவரே ஒப்பிட்டுப் பார்க்கிறார்.