நீக்கச் சொன்ன வரி

முதியோர் இல்லத்தில் பிறருக்காகக் கைப்பேசியில் செய்தி தட்டித் தருவதும் என் வேலைகளில் ஒன்று. அப்படித் தட்டிய ஒரு செய்தியை மட்டும் இன்னும் மனத்துக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன். எப்போதாவது மட்டுமே அழைக்கும் மகனுக்கு அந்த அம்மா முதலில் சொன்னது இது: "கண்ணா, நீ பேசி ரொம்ப நாளாயிற்று. உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். நான் இருக்கிறவரைக்கும் அப்பப்போ ஒரு வார்த்தை பேசு."

நாள் கணக்கு வந்தால் படிப்பவன் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு பதிலுக்குக் காரணம் தேடுவான் என்றேன். "வேலை அதிகம் என்று தெரியும்" என்பது பரிவாகத் தோன்றினாலும் முந்தைய வரியின் அருகில் நிற்கும்போது குத்தலாகிவிடும். "இருக்கிறவரைக்கும்" என்பதோ அவன் மீது சாவின் பாரத்தையே ஏற்றிவிடும். மூன்றையும் அவர் மறுக்காமல் விட்டுக்கொடுத்தார். பிறகு தாமாகவே வேறொன்று சொன்னார்: "இன்றைக்குத் துணி மடிக்கும்போது, நீ பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பியது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். உன் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது."

அந்தக் கடைசி வரியையும் எடுத்துவிடலாம் என்றேன். அது வற்புறுத்தலாகப் படக்கூடும் என்பது என் எண்ணம். இன்றும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் நிமிர்ந்து, "தம்பி, குறை சொல்லக் கூடாது, சரி. ஆசைப்படுகிறேன் என்றுகூடச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

"நீ பேசுவதில்லை" என்பது மகனைப் பற்றிய தீர்ப்பு, "எனக்கு ஆசையாக இருக்கிறது" என்பது தன்னைப் பற்றிய செய்தி என்று நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் குற்றவுணர்ச்சியைக் கிளறிவிடுவோமோ என்ற பயத்தில் ஏக்கத்தையும் சேர்த்தே துடைத்துவிட்டால், எஞ்சுவது நலம் விசாரிக்கும் சுற்றறிக்கைதான். அந்த வரியை நீக்காமல் விட்டேன். இறுதியில் "பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை" என்று சேர்க்கச் சொன்னார். அது உண்மையா என்று கேட்டேன். சற்று யோசித்து, "இல்லை" என்றார். அதற்குப் பதிலாக, "ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சும்மாதான் இருப்பேன்" என்று தட்டினேன். அவன் பிடித்துக்கொள்ள ஒரு நேரம் கிடைத்தது; தவறினாலும் அது குற்றமாகாது.

மகன் அழைத்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே. பொத்தான் கதையைத்தான் முதலில் கேட்டானாம். ஆகவே நான் நீக்கச் சொன்ன வரி இல்லாமலே அவன் அழைத்திருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடிக்கொள்கிறேன். ஆனால் அதே அச்சில் இன்னொரு தாய்க்கு எழுதிக்கொடுத்த செய்திக்கு ஒரு கட்டைவிரல் சின்னம் மட்டுமே வந்தது. அதில் ஆசையும் இருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. அந்தத் தாய் இப்போது தம் செய்திகளைத் தாமே குரலாகப் பதிவுசெய்து அனுப்புகிறார். நாள் கணக்கு உட்பட எல்லாம் அதில் இருக்கிறது. நான் எதையும் திருத்தச் சொல்வதில்லை.