ஓய்வுபெற்ற ஆசிரியை கதை: இரண்டாம் வரைவில் மாறியவை

கதையின் கரு இதுதான். எழுபதுகளில் பி.யு.சி. வகுப்புக்குத் துணைப்பாடமாக நடத்திய நாவலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மறுபடி படித்து, அதில் புதுப் பொருள் காண்கிறார். நாவல், மு.வரதராசனாரின் ‘அகல் விளக்கு’. 1958-இல் வந்து 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இல்லாத ஒரு நாவலைக் கற்பனை செய்தால் அதன் கதையை முழுக்கச் சொல்லியாக வேண்டும். தெரிந்த நாவலுக்கு நாலு வரி போதும். அறிவிலும் அழகிலும் முந்திய சந்திரன் தடம் மாறிக் கெடுகிறான்; சாதாரண மாணவன் வேலய்யன் நிதானமாக வாழ்ந்து நிலைக்கிறான். முதல் வரைவில் இந்தச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம் ஓடியது. அவ்வளவு நேரமும் ஆசிரியை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கதை செத்துப்போவது அங்கேதான்.

அடுத்த சிக்கல், புதுப் பொருள் என்ன என்பது. “வயதானதால் சந்திரன்மேல் இரக்கம் வந்தது” என்று எழுதினால் எந்த நாவலுக்கும் பொருந்திவிடும். விடை நாவலின் அமைப்பிலேயே இருக்கிறது. கதை முழுவதையும் சொல்பவன் வேலய்யன். சந்திரன் கெட்டான் என்பதும், ஏன் கெட்டான் என்பதும் நல்லபிள்ளை வாயாகத்தான் நமக்கு வருகிறது. பரீட்சைக்குப் பாடம் நடத்தும்போது இது கண்ணில் படாது. அங்கே வேண்டியது பாத்திரப் படைப்பும் காரணங்களும்தான்.

இதை ஆசிரியை மனசுக்குள் நினைப்பதாக எழுதினால் கட்டுரையாகிவிடும். அதனால் பழைய பிரதியின் ஓரத்தில் அவருடைய பென்சில் குறிப்பு ஒன்றை வைத்தாயிற்று: “சந்திரன் வீழ்ச்சி – காரணங்கள் 4. முக்கியம்.” இப்போது அதே பக்கத்தில், மங்கிய எழுத்துக்குக் கீழே, பேனாவால் எழுதுகிறார்: “சொன்னது யார்?” புரிந்ததைக் காட்ட அந்த இரண்டு சொல் போதும்.

இதற்கு வாழ்க்கையில் ஓர் இணை வேண்டும். நாவலை நடத்திய வருஷம் படிப்பைப் பாதியில் விட்டு நின்றுபோன ஒரு மாணவனை, “இவன்தான் நம்ம வகுப்புச் சந்திரன்” என்று அவர் பாடத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அவனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹாஸ்டல் அறைத்தோழன் சொன்னது. இந்தத் தகவல் பேனாக் குறிப்புக்கு முன்னால் வரவேண்டும், அதுவும் போகிற போக்கில். பின்னால் வைத்தால் விளக்கவுரை போல ஒலிக்கிறது. நாவலும் வாழ்க்கையும் அளவெடுத்து ஒட்டவைத்த மாதிரித் தெரிகிறது.

அந்த மாணவன் கடைசியில் வீடு தேடி வரும் காட்சி நீக்கப்பட்டது. அவன் வந்து தன் பக்கத்தைச் சொன்னால், அவர் எழுதிய கேள்விக்கு வேலையே இல்லை.

மீதி இருப்பது ஒரே சோதனை. ‘அகல் விளக்கு’ படிக்காத ஒருவரிடம் இந்தக் கதையைக் கொடுத்து, நாவலைச் சொல்பவன் யார் என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் வரவில்லை என்றால், அந்த நாலு வரிச் சுருக்கத்தில் “வேலய்யனே சொல்லும் கதை” என்பதை முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும்.