பித்தக்கல் ஸ்கான் அறிக்கையில் விடுபட்டிருந்த பித்தக்குழாயின் அளவு

அம்மாவின் முதல் ஸ்கான் அறிக்கையில் இருந்தவை இரண்டே வரிகள். பித்தப்பையில் பல சிறு கற்கள் உள்ளன என்றும், பித்தப்பைச் சுவர் 5 மில்லிமீற்றர் தடித்துள்ளது என்றும் எழுதியிருந்தார்கள். பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பித்தக்குழாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காலையிலேயே பஸ் ஏறி யாழ்ப்பாண நகருக்குச் சென்று, நீண்ட வரிசையில் காத்திருந்து அந்த அறிக்கையை நீட்டியபோது, சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் கேட்டது, "குழாயின் அளவு எங்கே?" என்பதுதான். அது இல்லாமல் எதையும் தீர்மானிக்க முடியாது என்று கூறி, மறுபடியும் ஸ்கான் செய்து வரும்படி கிளினிக் கொப்பியில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய அலைச்சலை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மேல்வயிற்றில் எழுந்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் பரவும் நோவு, பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, மணிக்கணக்கில் நின்று, பின்னர் தானாக அடங்கிவிடும். அதனால் நெடுநாளாக அதை வாய்வு என்றே எண்ணியிருந்தோம்.

முதல் ஸ்கானுக்கு நேரம் கேட்டபோது, அந்தத் தனியார் நிலையத்தில் "எப்போதும் வரலாம்" என்று மட்டுமே சொன்னார்கள். வெறும் வயிற்றுடன் வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அம்மா புட்டும் பால்தேநீரும் எடுத்துக்கொண்டுதான் போனார். உணவு, அதிலும் கொழுப்புள்ள உணவு, உள்ளே போனால் பித்தப்பை சுருங்கித் தன் பித்தத்தை வெளியேற்றிவிடும். சுருங்கிய பையின் சுவர், நோய் எதுவும் இல்லாவிட்டாலும், தடித்ததாகவே தெரியும். சுவருக்குரிய 3 மில்லிமீற்றர் என்னும் எல்லை, உண்ணாமல் இருந்து நன்றாக விரிந்த பித்தப்பைக்கே பொருந்தும். ஆகவே அம்மாவின் அந்த 5 மில்லிமீற்றரை வைத்து அழற்சி என்று சொல்லவே முடியாது என நிபுணர் விளக்கினார். விரிந்த பையிலும்கூடச் சுவர் தடிப்பு என்றால் கல்லால் வந்த அழற்சிதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதய பலவீனம், ஈரல் நோய், இங்கே மழைக்காலத்தில் பரவும் டெங்கு ஆகியவற்றிலும் சுவர் தடிக்கும். இதைத் தெரிந்துவைத்திருப்பது வீண் பயத்தைத் தவிர்க்கும்.

இரண்டாவது ஸ்கானுக்கு முதல்நாள் இரவு உணவுக்குப் பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்காமல், காலையில் முதல் ஆளாக அழைத்துச் சென்றேன். இம்முறை பரிசோதித்த வைத்தியர், அம்மாவை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, கற்கள் உருண்டு இடம் மாறுவதையும் ஒவ்வொன்றின் பின்னாலும் கரிய நிழல் விழுவதையும் எனக்கும் காட்டினார். இடம் மாறாமல் சுவரோடு ஒட்டி, நிழலும் விடாமல் இருந்தால் அது கல்லாக அல்லாமல் சிறு சதைவளர்ச்சியாக இருக்கலாமாம். பித்தப்பைக்கு நேர்மேலே கருவியால் அழுத்தி, நோகிறதா என்று கேட்டார். அம்மா இல்லை என்றார். நோமாத்திரை ஏதும் எடுத்தீர்களா என்று அவர் அப்போது விசாரித்தது எனக்குப் பிடித்திருந்தது, ஏனெனில் மாத்திரை அந்த நோவை மறைத்துவிடும்.

முடிவில் சுவர் 2.5 மில்லிமீற்றர்தான். ஆனால் பித்தக்குழாய் 9 மில்லிமீற்றர். வழமையில் 6 வரை இருக்கும். வயது கூடினால் சற்றே கூடலாம், ஆயினும் 9 என்பதை வயதின் தலையில் போட்டுவிட முடியாது. முதல் அறிக்கை பயமுறுத்திய இடத்தில் ஒன்றுமில்லை. அது தொடாமலே விட்ட இடத்தில்தான் விடயம் இருந்தது. பித்தப்பையிலுள்ள சிறு கற்கள், பெரியவற்றைவிட எளிதாக நழுவிக் குழாய்க்குள் இறங்கக் கூடியவை. அங்கே அடைத்துக்கொண்டால் குழாய் விரியும்.

குழாய்க்குள் கல் தெரிகிறதா என்று கேட்டேன். குழாயின் கீழ்ப்பகுதியைக் குடல்வாயு மறைக்கிறது என்றும், கல் தெரியவில்லை என்பதைக் கல் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லி, அதையும் அறிக்கையில் எழுதித் தந்தார். அந்த ஒரு வரியால் அடுத்த படிகள் விரைவாக நடந்தன. இரத்தப் பரிசோதனையில், பித்தம் வடிவது தடைப்பட்டால் கூடும் பிலிருபினும் அல்கலைன் பொஸ்படேஸும் உயர்ந்திருந்தன, எம்.ஆர்.சி.பி. எனப்படும் காந்தப் படத்தில், குழாயின் அடியில் கல் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வாய்வழியே குழாய்க்கருவி செலுத்தி அதை எடுத்தார்கள். அந்தச் சிகிச்சையே சிலருக்குக் கணைய அழற்சியை உண்டாக்கக் கூடும் என்பதால், சந்தேகத்தின் பேரில் மட்டும் அதில் இறங்குவதில்லை என்றும் சொன்னார்கள். பின்னர் சிறுதுளைச் சத்திரசிகிச்சை மூலம் பித்தப்பையும் அகற்றப்பட்டது.

ஸ்கான் நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அறிக்கையைப் பிரித்து, சுவரின் அளவும் குழாயின் அளவும் இலக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நோவோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள்.